டிறிலின் வலு குறைந்தால்: பற்றரியா, சுவிச்சா?

கேள்வி: 18 வோல்ற் பற்றரி டிறில் முழுச் சார்ஜ் ஏற்றியும் கொஞ்ச நேரத்திலேயே வலு இழக்கிறது. புதுப் பற்றரி வாங்கத்தான் வேண்டுமா, சுவிச்சிலும் பிழை இருக்கலாமா?

பதில்: தயவுசெய்து அளந்து பார்க்காமல் பற்றரி வாங்காதீர்கள். சுன்னாகத்தில் கூரை வேலைக்காகப் பனஞ்சிலாகையில் துளையிட்டுக்கொண்டிருந்த என் மச்சானின் டிறில் இப்படித்தான் திணறியது. திருத்துகிற கடையில் அதைத் திறந்துகூடப் பாராமல் "செல் செத்துவிட்டது" என்று சொல்லிப் புதிய பற்றரியை விற்றார்கள். அதைப் போட்ட பின்பும் திணறல் மாறவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செல் பலவீனமானால் முதல் சில துளைகள் நன்றாக விழும்; பிறகு வேகம் இறங்கும்; சற்று ஓய்வு கொடுத்தால் மீண்டும் வலு வரும். சுவிச்சின் தொடுமுனைகள் கருகியிருந்தால், முழுச் சார்ஜிலும் முதல் துளையிலிருந்தே வலு குறைவாக இருக்கும், சூடேற ஏற இன்னும் மோசமாகும். விசையைப் பக்கவாட்டில் அசைத்தால் வேகம் மாறுவதும், கைப்பிடியின் மேற்பகுதி சுடுவதும் சுவிச்சையே காட்டும். மச்சானின் டிறிலில் இவையெல்லாம் இருந்தன.

ஆனாலும் அளந்தால்தான் உறுதி. பற்றரியைக் கழற்றிய பின் உறையைத் திறந்து, பற்றரி இணையும் முனைகளிலும் மோட்டரின் முனைகளிலும் மெல்லிய வயர்களைப் பற்றவைத்துக் காற்றுத் துவாரம் வழியாக வெளியே எடுத்து, அவற்றின் நுனிகள் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைத்து, உறையை மீண்டும் மூடினேன். மச்சான் விசையை முழுவதுமாக அழுத்திப் பனஞ்சிலாகையைத் துளைக்க, நான் மல்ரிமீற்றரைப் பிடித்தேன். பாதி அழுத்தத்தில் சுவிச் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி அனுப்புவதால் அந்த அளவீட்டை நம்ப முடியாது. சுமையில் பற்றரி முனையில் 18.4 வோல்ற் நின்றது. மோட்டர் முனையில் 15.6 மட்டுமே வந்தது. இடையிலுள்ள 2.8 வோல்ற் சுவிச்சுக்குள் வெப்பமாகிக்கொண்டிருந்தது. 10 அம்பியர் ஓடினால் அது 28 வாற், சிறிய ஈயப்பற்று இரும்பு ஒன்றின் சூடு. சுவிச்சைப் பிரித்தபோது செப்புத் தொடுமுனை கறுத்துக் குழி விழுந்திருந்தது. அதே மாதிரிச் சுவிச் போட்டதும், பழைய பற்றரியிலேயே டிறில் பழையபடி ஓடியது.

உங்கள் டிறிலில் பற்றரி முனையே சுமையில் 20 வோல்ற்றிலிருந்து 14, 13 என்று விழுந்து, மோட்டர் முனையும் ஏறக்குறைய அதே அளவைக் காட்டினால் செல்தான் காரணம். சுமையில்லாமல் அளந்து 20 வோல்ற் கண்டு திருப்தியடைய வேண்டாம். தொடராக இணைந்த ஐந்து செல்களில் ஒன்று நலிந்திருந்தாலும் ஓய்வில் அது வெளிப்படாமல் போகலாம்.

இது எல்லா டிறிலுக்கும் பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும், அது உண்மைதான். சுழலும் பகுதிக்கு மின்னைக் கொடுக்கும் கரித்துண்டுகள் இல்லாத மோட்டர் உள்ளவற்றில் விசை பெரும்பாலும் கட்டளை மட்டுமே அனுப்புவதால் இந்த ஒப்பீடு உதவாது. கரித்துண்டுள்ள டிறிலில் மோட்டருக்கு முழு வோல்ற் வந்தும் வலு இல்லையென்றால், அந்தக் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.