அனிமேஷன் தாமதமானால் கிளையன்டுக்கு மன்னிப்புக் கடிதம் எப்படி எழுதுவது?

"வீடியோ தாமதமாகிறது, கிளையன்டுக்கு என்ன எழுத, புதுத் தேதியை எப்படிச் சொல்ல?"

முதல் வரியிலேயே மன்னிப்பும் புதுத் தேதியும் வந்துவிட வேண்டும், காரணம் அப்புறம். பல நேரம் காரணம் ரெண்டரிங்தான், அதாவது கம்ப்யூட்டர் ஒளி, நிழல் எல்லாம் கணக்கிட்டு ஒவ்வொரு படமாக உருவாக்கும் வேலை. சுவரில் முதல் கோட் பெயிண்ட் காயாமல் அடுத்தது அடிக்க முடியாதல்லவா, அதுபோல இது முடியாமல் அடுத்த வேலை நகராது.

உதாரணமாக ஒரு 10 விநாடிக் காட்சியில் நிழல் மினுங்குகிறது, அதை மறுபடி ரெண்டர் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 24 படம், மொத்தம் 240. படத்துக்கு 10 நிமிடம் என்றால் ஒரே கம்ப்யூட்டரில் 40 மணி நேரம். கடிதத்தில் இப்படி எழுதலாம்:

"இன்று தரவேண்டிய வீடியோ வெள்ளி மாலைதான் கிடைக்கும், மன்னிக்கவும். ஒரு காட்சியில் நிழல் மினுங்குவதை நேற்றுதான் கவனித்தோம், முன்பே பார்த்திருக்க வேண்டும். மறு ரெண்டர் புதன் காலை முடியும், வியாழன் ஒலி சேர்ப்போம், வெள்ளி சரிபார்ப்பு. முடிந்த மற்ற காட்சிகளை இன்றே அனுப்புகிறோம்."

சரிபார்க்கும் அந்த ஒரு நாளை விட்டுவிடாதீர்கள், மினுங்கல் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கூடுதல் ஆள் போட்டால் ரெண்டர் சீக்கிரம் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குக் கூடுதல் கம்ப்யூட்டர்தான் வேண்டும்.