பினாங்கு சாலை வரைபடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்திருக்கிறேன். 1:1,00,000 என்று போட்டிருக்கிறது, கீழே அளவுக்கோடும் இருக்கிறது. கொம்தாரிலிருந்து பாலிக் பூலாவ் எத்தனை கிலோமீட்டர் என்று எதை வைத்துக் கணக்கிடுவது?

அளவுக்கோட்டை வைத்துத்தான். அந்த விகிதம் காகிதத்துக்கு மட்டுமே பொருந்தும். திரையில் படத்தைப் பெரிதாக்கினாலே விகிதம் செத்துப்போகும். அளவுக்கோடு படத்தோடு சேர்ந்தே நீளும், சுருங்கும்.

மடிக்கணினியில் படத்தைத் திறந்து, திரையின் மேல் ரூலரை வைத்து அளந்தேன். முடிக்கும்வரை ஜூமைத் தொடக்கூடாது. என் வரைபடத்தில் 5 கி.மீ. கோடு 40 மி.மீ. வந்தது, அதாவது 1 கி.மீ.க்கு 8 மி.மீ. இங்கே முதல் தடவை நானே ஏமாந்தேன். கோட்டின் இடது முனையில் 0 இல்லை! 0-வுக்கு இடப்பக்கம் 1 கி.மீ. துண்டு ஒன்று, சின்னச் சின்னக் கட்டங்களாக நீட்டிக்கொண்டிருந்தது. முழுக் கோட்டையும் 5 கி.மீ. என்று எடுத்ததால் எல்லாத் தூரமும் குறைவாக வந்தது. 0 எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் அளக்கவேண்டும்.

அப்புறம், படம் நேராக எடுக்கப்பட்டதா என்று பார்க்கவேண்டும். அதற்குப் பினாங்குப் பாலம் ரொம்ப வசதி. முதல் பாலத்தில் கடலுக்கு மேலே இருக்கும் பகுதி 8.4 கி.மீ. என் கணக்கில் அது 67 மி.மீ. இருக்கவேண்டும். ஆனால் ரூலர் 62தான் காட்டியது, அதாவது 7.75 கி.மீ. மேசையில் விரித்த வரைபடத்தை நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்வாக எடுத்திருக்கிறேன். கீழே இருந்த அளவுக்கோடு கேமராவுக்குக் கிட்டே, பாலமோ தள்ளி. தள்ளி இருப்பது சிறிதாகத்தான் விழும். அப்படிப்பட்ட படத்தில் ஒரே அளவு எல்லா இடத்துக்கும் செல்லாது. தாளின் மேல் ஓரம் கீழ் ஓரத்தைவிடக் குட்டையாகத் தெரிந்தாலும் இதே கோளாறுதான்.

எழுந்து நின்று, வரைபடத்துக்கு நேர் மேலிருந்து, கொஞ்சம் உயரத்தில் பிடித்து மறுபடி எடுத்தேன். கோடு மறுபடி 40 மி.மீ. வரும்படி ஜூமை வைத்துக்கொண்டேன். பாலம் 67 வந்தது. சரி, இனி நம்பலாம்.

கொம்தாரிலிருந்து பாலிக் பூலாவ் நேர்கோட்டில் 101 மி.மீ., எட்டால் வகுத்தால் 12.6 கி.மீ. ஆனால் இது காக்கை பறக்கும் தூரம். வண்டி ஓட்டுகிறவருக்குச் சாலைத் தூரம்தானே வேண்டும்? ஒரு காகிதத் துண்டின் விளிம்பைச் சாலைமேல் வைத்து, வளைவு வரும் இடத்தில் பென்சிலால் குறித்து, அந்தப் புள்ளியில் காகிதத்தைத் திருப்பி, அடுத்த துண்டை அளந்தேன். பாயா தெருபோங் வழியாக மொத்தம் 160 மி.மீ., ஆக 20 கி.மீ.

அதுவும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். துன் சார்டோன் சாலையின் மலை வளைவுகளை இந்த அளவு வரைபடத்தில் முழுசாக வரைய இடமில்லை, வழித்துவிட்டுத்தான் போட்டிருப்பார்கள்.