அச்சுக்கும் கைப்பேசிக்கும் ஒரே பிடிஎஃப்: எந்த எழுத்துரு?

"எங்கள் சங்கத்தின் 40 பக்கக் கையேட்டை ஏ4 தாளில், 11 பாயிண்ட் அளவில் அமைத்தேன். அச்சில் நன்றாக இருக்கிறது. கைப்பேசியில் திறந்தால் மெய்யெழுத்தின் புள்ளிகூடத் தெரியவில்லை என்கிறார்கள். எந்த எழுத்துருவுக்கு மாற்றலாம்?"

எழுத்துருவைத் தொடுவதற்கு முன் தாளைக் கவனியுங்கள். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; நிமிர்த்திப் பிடித்த கைப்பேசித் திரையின் அகலமோ ஏறத்தாழ 7 செ.மீ. பக்கம் முழுதும் திரைக்குள் அடங்கும்போது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவதால், உங்கள் 11 பாயிண்ட் எழுத்து 4 பாயிண்டுக்கும் கீழே போய்விடுகிறது. அங்கே எந்த எழுத்துருவும் உதவாது. பக்கத்தை 14.8 செ.மீ. அகலமுள்ள ஏ5 ஆக்கி, எழுத்தை 12 பாயிண்டில் வைத்தால், அதே திரையில் அது 5.5 பாயிண்டுக்குச் சற்று மேலே நிற்கும். பக்கங்கள் கூடினாலும், ஒரு ஏ4 தாளில் இரண்டு ஏ5 பக்கங்களைச் சுருக்காமலே அச்சிடலாம்.

இந்த அளவில் முதலில் மறைவது எழுத்தின் மெல்லிய கோடுகள். தடித்தும் மெலிந்தும் ஓடும் எழுத்துகள் நல்ல அச்சில் அழகாக இருக்கும்; சிறிய திரையில் மெலிந்த பகுதி வெளிறிவிடும், புள்ளி கீழுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கோட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரே சீராகவும், சுழிகளின் உள்வெளி திறந்தும், புள்ளி விலகியும் இருக்கும் எழுத்துருவே இரண்டுக்கும் பொருந்தும். என் தேர்வு Noto Sans Tamil. அச்சுக்கு மட்டும் என்றால் Noto Serif Tamil அல்லது Tiro Tamil எழுத்துருவைத் தயங்காமல் சொல்லியிருப்பேன்.

முடிவு செய்யுமுன் இந்தச் சொற்களை ஒரு பக்கத்தில் அமைத்து, கைப்பேசியில் பெரிதாக்காமல் வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்: எடு, ஏடு, ஒடு, ஓடு, கொள், கோள், மனம், மணம். முழு வாக்கியமாகக் கொடுத்தால் கண் ஊகித்துப் படித்துவிடும். தனிச்சொற்களில்தான் எழுத்துருவின் குறை வெளிப்படும்.

ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை 18 பாயிண்ட் கொடுங்கள்; மேல்வரியின் 'ழூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் உரசாமல் இருக்க அது வேண்டும். தலைப்புக்குத் தடித்த வடிவம் உள்ள எழுத்துருவையே பயன்படுத்துங்கள். அது இல்லாதபோது மென்பொருள் சாதாரண எழுத்தையே பூசித் தடிமனாக்கும். 'ண'வின் சுழிகள் அடைபட்டிருப்பதைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம்.

கடைசியாக, எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிப்பவரின் கருவி வேறொன்றை மாற்றிப் போட்டுவிடும். Poppler என்ற மென்பொருள் தொகுப்போடு வரும் pdffonts கட்டளையைக் கணினியின் முனையத்தில் இப்படி இயக்கிப் பாருங்கள்:

```
pdffonts kaiyedu.pdf
```

இதன் விடையில் `emb` என்ற நெடுவரிசையில் ஒவ்வொரு வரியிலும் `yes` இருக்க வேண்டும்.