கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு: சீசன் டிக்கெட்டா, பைக்கா?

கேள்வி: வீடு கூடுவாஞ்சேரியில், ஸ்டேஷனிலிருந்து மூன்றரை கிலோமீட்டர் உள்ளே. வேலை கிண்டி தொழிற்பேட்டையில், பகல் ஷிப்ட். போக வர ஏறக்குறைய 56 கி.மீ. மாதச் சீசன் எடுத்து மின்சார ரயிலில் போவதா, கடன் போட்டு 100 சிசி பைக் ஒன்று வாங்கிவிடுவதா? எது லாபம்?

பதில்:

பகல் ஷிப்ட் என்று சொல்லியிருப்பதால் தயங்காமல் சொல்கிறேன்: கிண்டிக்குப் போக ரயில், ஸ்டேஷனுக்குப் போக ஒரு பழைய ஸ்கூட்டர். புது பைக்கைக் கடனில் வாங்கி ஜிஎஸ்டி சாலையில் தினமும் 56 கிலோமீட்டர் ஓட்டுவது, உங்கள் நிலையில், பணத்துக்கும் உடம்புக்கும் நஷ்டம். நான் ஊரப்பாக்கத்திலிருந்து இதே தடத்தில் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். முதலில் பைக்கில் போனேன், இப்போது ரயிலில் போகிறேன். இரண்டின் கணக்கும் எனக்குப் பழக்கம்.

பைக் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் பெட்ரோல் கணக்கை மட்டும் சொல்வார்கள். அதையே முதலில் பார்த்துவிடுவோம். மாதம் 25 நாள் வேலை என்றால் 1,400 கி.மீ. விளம்பரத்தில் என்ன மைலேஜ் போட்டிருந்தாலும், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நின்று நின்று போகும் வண்டிக்கு லிட்டருக்கு 50 கி.மீ. கிடைத்தால் நல்ல வண்டி. 28 லிட்டர் வேண்டும். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 2,830 ரூபாய்.

அடுத்தது பராமரிப்பு. வாரக் கடைசியில் மட்டும் வண்டி எடுப்பவருக்கு ஆயில் மாற்றுவது ஆண்டுக்கு இரண்டு முறை வரும் வேலை. மாதம் 1,400 கி.மீ. ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வண்டி சர்வீஸுக்குப் போக வேண்டும். செயினுக்கு 500, 600 கி.மீ.க்கு ஒரு முறை எண்ணெய் விட வேண்டும், அதாவது பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை. மழைக்காலத்தில் அதற்கும் முன்பே. விடாமல் இருந்தால் முதலில் சத்தம் மாறும். பிறகு கியர் மாற்றும்போது வண்டி வெட்டி இழுக்கும். செயினின் நடுப்பகுதியை விரலால் மேலே தூக்கிப் பாருங்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அசைவது சரி, அதைத் தாண்டினால் இறுக்க வேண்டும். இறுக்கியும் சில நாளில் மறுபடி தளர்ந்தால் செயின் செட்டையே மாற்ற வேண்டும். 25,000 கி.மீ. ஓடுவதற்குள் அதுவும் பின் டயரும் மாற்றும் நிலைக்கு வந்துவிடும். உங்கள் ஓட்டத்தில் அது ஒன்றரை ஆண்டு. சர்வீஸ், டயர், செயின், பிரேக் ஷூ எல்லாவற்றையும் மாதக் கணக்கில் பிரித்தால் 800 ரூபாய் வரும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் காப்பீட்டுக்கு மாதம் 150 போடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணம் வண்டியின் மதிப்புதான். ஆன்ரோடு விலை ஒரு லட்சம் என்று கொள்வோம். ஆண்டுக்கு 16,800 கி.மீ. வீதம் ஐந்து ஆண்டில் 84,000 கி.மீ. ஓடியிருக்கும். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது மீட்டரைத்தான். 30,000 ரூபாய் கிடைத்தால் நல்ல விலை. ஐந்து ஆண்டில் 70,000 தேய்ந்துவிட்டது, மாதம் ஏறக்குறைய 1,170. ஐந்து ஆண்டு வாரண்டி என்று ஷோரூமில் சொல்வதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். அதற்குக் கிலோமீட்டர் வரம்பும் உண்டு, உங்கள் ஓட்டத்தில் ஐந்து ஆண்டு முடிவதற்குள் வரம்பு முடிந்துவிடக்கூடும்.

கடன் வட்டியைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன். அதையும் ஐந்து ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் 375. எல்லாம் சேர்த்தால் பைக்கின் உண்மைச் செலவு மாதம் 5,300 ரூபாய்க்கு மேல் வருகிறது. தவணை கட்டும் முதல் மூன்று ஆண்டில் கையிலிருந்து போவது இன்னும் அதிகம், மாதம் 6,500 வரை.

இப்போது ரயில். கூடுவாஞ்சேரி - கிண்டி இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் இருநூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். மூன்று மாதச் சீசனாக எடுத்தால் 2.7 மாதக் கட்டணம்தான். புதுப்பிக்கும் தேதியை மட்டும் செல்பேசியில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள். சீசன் முடிந்தது தெரியாமல் ஏறிப் பரிசோதகரிடம் மாட்டினால் குறைந்தபட்ச அபராதமே 250 ரூபாய், அதுவே ஒரு மாதச் சீசனைவிட அதிகம். மின்சார ரயில் சீசனை வைத்துக்கொண்டு அவசரத்துக்கு எக்ஸ்பிரஸில் ஏறினாலும் இதே கதிதான்.

ஆனால் 200 ரூபாயையும் 5,300 ரூபாயையும் நேரடியாக ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும். பைக் வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிறது. ரயில் ஸ்டேஷனில் ஏற்றி ஸ்டேஷனில் இறக்குகிறது. இந்த இரண்டு முனைகளில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. கிண்டி முனை உங்களுக்குச் சாதகம். ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டையின் பல தெருக்களுக்கு நடந்தே போய்விடலாம். சிக்கல் வீட்டு முனையில் இருக்கும் மூன்றரை கிலோமீட்டர். காலையில் ஷேர் ஆட்டோ கிடைத்துவிடும். இரவு எட்டரைக்கு உள்ளே இருக்கும் நகர்களுக்கு ஆட்டோ நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும், மழை என்றால் சொன்னதுதான் விலை. ரயிலில் போகத் தொடங்கிய பலர் சில வாரங்களில் வெறுத்துப்போய் பைக் வாங்குவது ரயிலால் அல்ல, இந்தக் கடைசித் துண்டால்தான்.

அதற்குத்தான் பழைய ஸ்கூட்டர். நல்ல நிலையில் உள்ள ஒன்று 30,000 ரூபாய்க்குக் கிடைக்கும். தினம் ஏழு கிலோமீட்டர், மாதம் 175. பெட்ரோல் நானூறு ரூபாய். ஸ்டேஷன் வண்டி நிறுத்தத்தில் மாதக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், 400 என்று வைப்போம். பராமரிப்பும் காப்பீடும் 300. மூன்று ஆண்டு கழித்து 15,000க்கு விற்றால் தேய்மானம் 400 சொச்சம். சீசனையும் சேர்த்து மாதம் 1,700 ரூபாய். பைக்கை ஒப்பிட்டால் மாதம் 3,600 ரூபாய் மிச்சம். வீட்டுக்கு ஒரு வண்டியும் இருக்கிறது. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும், ரயில் ஓடாத நாளில் தாம்பரம் வரை போகவும் அது போதும்.

நேரத்தில் பைக் ஜெயிக்கும் என்பீர்கள். ஜெயிக்கிறது, ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. காலை நெரிசலில் பைக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயில் ஓடும் நேரம் முக்கால் மணி, முன்னும் பின்னும் சேர்த்தால் ஒன்றேகால் மணியைத் தாண்டும். வித்தியாசம் பத்து, பதினைந்து நிமிடம். வெள்ளிக்கிழமை மாலையில் அந்தப் பதினைந்து நிமிடமும் தலைகீழாகிவிடும். தெற்கே போகும் ஆம்னி பஸ்களும் கார்களும் பெருங்களத்தூரிலிருந்து கிளாம்பாக்கம் வரை சாலையை அடைத்து நிற்கும். கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடது கை கட்டைவிரலின் அடி மரத்துப்போகும், முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகை நேராக முகத்தில் அடிக்கும். தொடர் விடுமுறைக்கு முந்தைய மாலைகளில் இதைவிட மோசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் எது தண்ணீர் எது என்று தெரியாத சாலையில், கனரக லாரிகளுக்கு நடுவே, இருட்டில் ஓட்டுவதை நினைத்துத்தான் நான் ரயிலுக்கு மாறினேன். அந்தப் பயத்துக்கு ரூபாயில் விலை போட எனக்குத் தெரியவில்லை, ஆனால் கணக்கில் அதைச் சேர்க்காமல் விடக் கூடாது.

ரயிலிலும் கஷ்டம் உண்டு. கடற்கரையிலிருந்து வரும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டி அதைவிட அரிது, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நல்ல நேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் நேரத்தை வண்டி நேரத்தைப் பார்த்து அமைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கிண்டியில் ஏறினால் தாம்பரம் வரை நின்றே வர வேண்டியிருக்கும். தண்டவாளப் பராமரிப்பு நாள்களில் வண்டிகளைக் குறைப்பார்கள், அதை முன்கூட்டியே அறிவிப்பார்கள்.

பஸ் பாஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸில் ஏசி அல்லாத பஸ்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், ஏசி பஸ்களும் வேண்டும் என்றால் 2,000. வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் வேலை என்றால் அருமையான பாஸ். உங்கள் தடத்தில் பஸ்ஸும் பைக் நிற்கும் அதே நெரிசலில்தான் நிற்கும். கேட்பவர் பெண் என்றால் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பயணமே இலவசம், அப்போது ரயில் இல்லாத நாளுக்கு அதையே மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம்.

பைக்தான் சரி என்று நான் சொல்லும் நிலைமைகளும் உண்டு. இரவு பதினொரு மணிக்கு முடியும் ஷிப்ட், பகலில் நாலு இடம் அலைய வேண்டிய விற்பனை வேலை, அல்லது கிண்டியிலிருந்து இன்னும் இரண்டு வண்டி மாறிப் போக வேண்டிய அலுவலகம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ரயிலின் மிச்சம் ஆட்டோவிலும் தூக்கத்திலும் கரைந்துவிடும். வீட்டில் சொந்த பிளக் பாயின்ட் இருந்தால் அப்போது மின்சார ஸ்கூட்டரையும் பாருங்கள். 56 கி.மீ.க்கு இரண்டு யூனிட்டை ஒட்டித்தான் செலவாகும், பெட்ரோல் செலவில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆனால் பேட்டரி வாரண்டியின் கிலோமீட்டர் வரம்பைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் சார்ஜ் போட அனுமதி இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

எதைக் கடனில் வாங்கினாலும் "பத்து சதவீத வட்டி" என்று சொல்லும்போது அது முழுக் கடனுக்கும் கடைசிவரை போடும் பிளாட் வட்டியா, கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கு வட்டியா என்று கேளுங்கள். 75,000 ரூபாய்க் கடனுக்கு 10 சதவீத பிளாட் வட்டியில் மூன்று ஆண்டுத் தவணை மாதம் 2,708. குறையும் நிலுவையில் அதே பத்து சதவீதம் என்றால் 2,420. முதலாவது உண்மையில் 18 சதவீதக் கடன். மொத்தத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஷோரூமில் வாய்வார்த்தையாகச் சொல்வதை விட்டுவிட்டு, மாதத் தவணையை மாத எண்ணிக்கையால் பெருக்கி, அதிலிருந்து கடன் தொகையைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் கட்டும் வட்டி. அதோடு செயலாக்கக் கட்டணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.