இரண்டு கம்பெனியும் பிடிக்காத 88,140 ரூபாய்

கேள்வி: 2025 செப்டம்பர் வரை சென்னைக் கம்பெனியில் மாதம் 90,000 ரூபாய் சம்பளம். அக்டோபரிலிருந்து பெங்களூரு கம்பெனியில் மாதம் ஒன்றரை லட்சம். பள்ளத்தூரில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை. இரண்டு கம்பெனியும் ஒரு ரூபாய்கூட டிடிஎஸ் பிடிக்கவில்லை. 12 லட்சம் வரை வரி இல்லை என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது ரிட்டர்ன் போட உட்கார்ந்தால் 90,000-க்கு மேல் கட்டச் சொல்கிறது. "கம்பெனிக்காரன் செய்த தப்புக்கு நீ ஏன் கட்டணும்?" என்கிறார் அப்பச்சி. யார் தப்பு?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: அப்பச்சிக்கு அவருக்குப் பழகிய கணக்கிலேயே சொல்லிப் பாருங்கள். இரண்டு ஊரில் இரண்டு கடை இருந்தால் பேரேடும் இரண்டு இருக்கும். ஆனால் முதலாளிக்கு ஐந்தொகை ஒன்றுதான். உங்கள் இரண்டு கம்பெனிகளும் தங்கள் தங்கள் பேரேட்டைச் சரியாகத்தான் எழுதியிருக்கின்றன. ஐந்தொகையை யாரும் போடவில்லை.

சென்னைக் கம்பெனி ஏப்ரலில் என்ன பார்த்தது? வருடத்துக்கு 10,80,000 ரூபாய். நிலைக்கழிவு 75,000 போனால் 10,05,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி உண்டு. ஆகவே வரி பூஜ்யம். பெங்களூருக் கம்பெனி அக்டோபரில் என்ன பார்த்தது? மார்ச் வரை 6 மாதம், 9,00,000 ரூபாய். அவர்களும் 75,000 கழித்தார்கள், 8,25,000 வந்தது. அதுவும் 12 லட்சத்துக்குள், மறுபடி பூஜ்யம். ஆக, ஒருவருக்கு வருடத்தில் ஒரே முறை கிடைக்க வேண்டிய நிலைக்கழிவு, 4 லட்சம் வரையிலான வரியில்லாப் படி, தள்ளுபடி மூன்றும் உங்களுக்கு இரண்டு முறை கிடைத்துவிட்டன.

இப்போது இரண்டையும் சேர்ப்போம். மொத்தச் சம்பளம் 14,40,000. நிலைக்கழிவு ஒரே ஒரு முறை, 75,000. மீதி 13,65,000. 12 லட்சத்தைத் தாண்டிய 1,65,000-க்கு மட்டும்தான் வரி என்று பலர் நினைக்கிறார்கள். காரைக்குடியில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். அப்படியில்லை. எல்லையைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடும், 4 லட்சத்திலிருந்தே படிகள் எண்ணப்படும். (கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அது சுமார் 12,70,000-உடன் முடிந்துவிடுகிறது, உங்களுக்கு எட்டாது.) 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மீதி 1,65,000-க்கு 15 சதவீதம், 24,750. கூட்டினால் 84,750. அதன் மேல் 4 சதவீதம் செஸ் 3,390. மொத்தம் 88,140 ரூபாய்.

யார் தப்பு என்று கேட்டீர்கள். புது வேலையில் சேர்ந்தபோது ஒரு கட்டுக் காகிதம் நீட்டியிருப்பார்கள்: பிஎஃப் நியமனம், இன்சூரன்ஸ், வங்கி விவரம். அதற்கு நடுவில் 12பி என்றொரு படிவம் இருந்திருக்கும். பழைய கம்பெனி கொடுத்த சம்பளமும் பிடித்த வரியும் அதில் எழுதியிருக்க வேண்டும். "பிடித்தமே இல்லையே, எழுத என்ன இருக்கிறது" என்று பலரும் விட்டுவிடுவது இந்தத் தாளைத்தான். நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் கம்பெனி அதைச் சேர்த்துத்தான் பிடித்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பழைய சம்பளத்தைத் தேடிப் போய்க் கேட்கும் கடமை அவர்களுக்கு இல்லை. கொடுத்திருந்தால் 88,140 ஆறு மாதத்துக்குப் பிரிந்து, மாதம் 14,690 ரூபாய் பிடித்தமாகியிருக்கும். பிப்ரவரியில் நினைவு வந்து சொல்லியிருந்தாலும் போதும். கடைசி இரண்டு சம்பளத்தில் கனமாகப் பிடித்திருப்பார்கள், வட்டி வந்திருக்காது.

அந்த வட்டிதான் 88,140-ஐ 90,000-க்கு மேல் தள்ளியிருக்கிறது. டிடிஎஸ் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி பாக்கி வந்தால், அதை வருடத்துக்குள்ளேயே ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணையில் முன்வரியாகக் கட்டியிருக்க வேண்டும். தவணை தவறியதற்கு 234சி வட்டி. உங்கள் கணக்கில் அது 4,448 ரூபாய். இதில் எனக்கே மனசு கேட்காத ஒரு இடம் இருக்கிறது. ஜூனில் உங்களுக்குப் பெங்களூரு வேலையே கிடையாது, வரியும் வராது. ஆனாலும் ஜூன் தவணைக்கும் வட்டி போடுகிறார்கள். முன்கூட்டித் தெரியாத வருமானம் என்று லாட்டரிப் பரிசுக்கும் பங்கு விற்ற லாபத்துக்கும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நடுவில் மாறிய சம்பளத்துக்கு இல்லை.

இன்னொன்று 234பி. ஏப்ரல் 1-இலிருந்து கட்டும் மாதம் வரை, மாதத்துக்கு 1 சதவீதம். உங்களுக்கு மாதம் 881 ரூபாய். மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதமாகத்தான் எண்ணுவார்கள். ஜூன் 30-இல் கட்டினால் 3 மாதம், 2,643. ஜூலை 1 என்றால் 4 மாதம், 3,524. அதனால் ஜூன் முடிவதற்குள் கட்டிவிடுங்கள். எல்லாம் சேர்த்து 95,230 ரூபாய் ஆகும். சேமிப்புக் கணக்கு வட்டி, டெபாசிட் வட்டி ஏதாவது இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும், தொகை கொஞ்சம் கூடும்.

பழைய வரி முறைக்கு மாறினால் தப்பிக்கலாமா என்று தோன்றும். சொந்த வீட்டில் இருக்கிறீர்கள், பெங்களூருச் சம்பளத்துக்கு வாடகைக் கழிவு இல்லை. 80சி-யில் ஒன்றரை லட்சம் முழுசாகக் காட்டினாலும் அங்கே வரி இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகும். விட்டுவிடுங்கள்.

ரிட்டர்ன் எழுதும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். இரண்டு கம்பெனியும் கொடுத்த சம்பளக் கணக்குத் தாள்களில் அடியில் உள்ள வரிக்குரிய வருமானத்தைக் கூட்டினால் 4,65,000-உம் 8,25,000-உம் சேர்ந்து 12,90,000 தான் வரும். அதில் நிலைக்கழிவு இரண்டு முறை போயிருக்கிறது. வரி 11,700 ரூபாய் குறைவாகக் காட்டும். வருமான வரித் துறையிடம் இரண்டு கம்பெனியின் சம்பளக் கணக்கும் போய்ச் சேர்ந்திருந்தால், பின்னால் அந்த 11,700-ஐ வட்டியோடு கேட்டு நோட்டீஸ் வரும். அடியில் உள்ள தொகையை விட்டுவிட்டு, மேலே உள்ள மொத்தச் சம்பளத்தைக் கூட்டி, கழிவை ஒரு முறை போடுங்கள்.

பணம் கட்ட incometax.gov.in தளத்தில் e-Pay Tax போங்கள். Assessment Year என்ற இடத்தில் 2026-27, வகையில் Self-Assessment Tax (300). 2025-26 என்று தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பணம் போன வருடக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை மாற்ற அலைய வேண்டும். கட்டியதும் வரும் சலானில் பிஎஸ்ஆர் எண், தேதி, சலான் எண் மூன்றும் இருக்கும். ரிட்டர்னில் கட்டிய வரி என்ற பகுதியில் அவை ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, ஏறாவிட்டால் நீங்களே எழுதி, ஜூலை 31-க்குள் போட்டுவிடுங்கள். தாமதமானால் 5,000 ரூபாய் கட்டணம் தனி.

ஏப்ரலிலிருந்து உங்கள் சம்பளத்தில் மாதம் சுமார் 12,500 பிடிக்க ஆரம்பித்திருப்பார்கள். அது இந்தப் பாக்கிக்காக இல்லை. இந்த வருடம் உங்கள் 18 லட்சமும் ஒரே கம்பெனியின் பேரேட்டில் இருக்கிறது, அதற்கான பிடித்தம் அது. பழைய பாக்கியை நீங்கள்தான் தனியாகக் கட்ட வேண்டும்.