ஆடித் தள்ளுபடிக்கு மேல் கூப்பன்: ஒரு சேலை எத்தனை ரூபாய் வரை தாங்கும்?

"பர்கூரில் சேலைக் கடை வைத்திருக்கிறேன். வூகாமர்ஸில் ஒரு சின்ன வெப்சைட்டும் ஓடுகிறது. ஆடிக்கு எல்லாச் சேலைக்கும் 20% குறைத்தேன். முதல் தடவை வாங்குபவர்களுக்கு 10% கூப்பன், நண்பரைச் சேர்த்துவிட்டால் 100 ரூபாய் கூப்பன், டெலிவரி இலவசம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே கட்டுபடியாகிறது. ஆனால் ஆடி முடிந்து கணக்குப் பார்த்தால் விற்ற அளவுக்குக் கையில் பணம் இல்லை. கூப்பனை நிறுத்தினால் ஆள் வரமாட்டார்கள். எப்படி அளவு வைப்பது?"

கூப்பனை நிறுத்த வேண்டாம். ஒரு பில்லில் எத்தனை கூப்பன் சேரலாம் என்று எண்ணிக்கையில் அளவு வைப்பதை மட்டும் விடுங்கள். ஒவ்வொரு சேலைக்கும் இதற்குக் கீழே போனால் கட்டாது என்று ஒரு விலை இருக்கிறது. அதை ரூபாயில் எழுதி வையுங்கள், பண்டிகைத் தள்ளுபடியும் கூப்பனும் டெலிவரியும் எல்லாம் சேர்ந்து அந்த விலையைத் தாண்டி இறங்கக் கூடாது. மற்றது எல்லாம் இதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பதுதான்.

ஒரு சேலையை எடுத்துக் கணக்குப் போடுவோம். விலை ஜிஎஸ்டி சேர்த்து 1,050 ரூபாய், வரி நீக்கி உங்களுக்கு அடக்கம் 620 என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் 1,050-ல் 620-ஐக் கழித்து 430 ரூபாய் மார்ஜின் என்று நினைத்துக்கொள்கிறார்கள், இங்கேயே கணக்கு சறுக்கிவிடுகிறது. சேலைக்கு 5% வரி, அது அரசாங்கத்தின் பணம். வரியை நீக்கினால் விலை 1,000, மார்ஜின் 380. அதிலிருந்து கூரியர் 70, கவர் அட்டை 15, ஆன்லைன் பேமென்ட் கட்டணம் 2% போக வேண்டும் (இந்தத் தொகைகள் உதாரணத்துக்கு, உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்).

ஆடி 20% மட்டும் கொடுத்தால் விலை 840, வரி நீக்கி 800. அடக்கம், கூரியர், கவர், பேமென்ட் கட்டணம் 17 எல்லாம் போக 78 ரூபாய் நிற்கிறது. அதிகம் இல்லை, ஆனாலும் பண்டிகை ஓட்டத்தில் பரவாயில்லை. இப்போது அதே 840-ல் 10% கூப்பன் விழுந்தால் 756. அதில் 100 ரூபாய் கூப்பனும் விழுந்தால் 656. வரி நீக்கினால் சுமார் 625 ரூபாய், அடக்கமே 620. மிச்சம் 5 ரூபாயை வைத்துக்கொண்டு கூரியர், கவர், பேமென்ட் கட்டணம் என்று 98 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு சேலைக்குக் கிட்டத்தட்ட 93 ரூபாய் கையிலிருந்து போகிறது. ஆடிக் குறைப்பு இல்லாமல் 10% கூப்பனை மட்டும் தனியாகக் கொடுத்திருந்தால் 176 ரூபாய் நின்றிருக்கும், 100 ரூபாய் கூப்பனை மட்டும் கொடுத்திருந்தால் 180-ஐத் தொட்டிருக்கும். அதனால்தான் தனித்தனியாகப் பார்க்கும்போது உங்களுக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

இப்போது கட்டுபடி விலைக்கு வருவோம். அடக்கம் 620, கூரியர் 70, கவர் 15, பேமென்ட் கட்டணம் 17, அதோடு வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஒரு சேலை குறைந்தபட்சம் கொடுக்க வேண்டிய பங்கு, 40 என்று வையுங்கள். மொத்தம் 762. அதன் மேல் 5% வரி சேர்த்தால் 800.10, அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றினால் 801 ரூபாய். இந்தச் சேலை தாங்கக்கூடிய மொத்தக் குறைப்பு 1,050-க்கும் 801-க்கும் இடையே உள்ள 249 ரூபாய், அவ்வளவுதான். அதில் ஆடி 20% மட்டுமே 210-ஐ எடுத்துவிட்டது. கூப்பனுக்கு மிஞ்சியது 39 ரூபாய், நீங்கள் கொடுத்ததோ 184.

இதை ஒரு ஷீட்டில் போட்டுவிடுங்கள். B விற்பனை விலை, C அடக்கம், D கூரியர் உள்ளிட்ட செலவு, E குறைந்தபட்சப் பங்கு, F கட்டுபடி விலை, G இன்றைய பண்டிகை விலை, H கூப்பனுக்கு மிஞ்சிய இடம்.

```
F2: =ROUNDUP((C2+D2+E2)*1.05,0)
H2: =G2-F2
```

H நெடுவரிசையில் மைனஸ் வந்தால் அந்தச் சேலைக்குப் பண்டிகைத் தள்ளுபடியே அதிகம், கூப்பனைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. எல்லாச் சேலைக்கும் ஒரே 20% என்பதைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்வேன். நல்ல மார்ஜின் உள்ள ரகத்துக்கு 25 கொடுங்கள், இடம் குறைவான ரகத்துக்கு 10 போதும். போஸ்டரில் "25% வரை" என்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் 25% ரகம் கண்ணில் படுகிற அளவுக்கு நிஜமாகவே இருக்க வேண்டும், இரண்டு சேலையை மட்டும் மாட்டிவிட்டு அப்படிப் போடாதீர்கள்.

அடுத்து வூகாமர்ஸ். கூப்பன் பக்கத்தில் `Individual use only` என்று ஒரு டிக் இருக்கிறது. இதைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். அது ஒரு கூப்பனோடு இன்னொரு கூப்பன் சேர்வதை மட்டும்தான் தடுக்கும். உங்கள் ஆடி 20% கூப்பன் கிடையாது, நீங்கள் `Sale price` கட்டத்தில் போட்ட விலை. அதன் மேல் கூப்பன் வந்து உட்காருவதை இந்த டிக் தடுக்காது, அதற்கு `Exclude sale items` என்ற தனி டிக் வேண்டும். முதல் தடவைக் கூப்பனுக்கு இரண்டு டிக்கையும் போடுங்கள். ஆடியில் ஏற்கனவே விலை குறைந்திருக்கிறது, புதியவருக்கு அதுவே போதுமான காரணம். தள்ளுபடி போடாத புது வரவுச் சேலைக்கு அவர் 10% வாங்கிக்கொள்ளட்டும், அங்கே உங்களுக்கும் கட்டுகிறது.

சதவீதக் கூப்பனுக்கு இத்தனை ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைக்கும் கட்டம் வூகாமர்ஸின் அடிப்படை வசதியில் இல்லை, அதற்குத் தனி பிளகின் வேண்டும். `Maximum spend` என்று ஒன்று கண்ணில் படும், அது பில் தொகைக்கான வரம்பு, தள்ளுபடிக்கானது இல்லை. பிளகினுக்குச் செலவு செய்ய விருப்பம் இல்லையென்றால் பண்டிகை நாட்களில் சதவீதக் கூப்பனை விட்டுவிட்டு `Fixed cart discount` வகை ரூபாய்க் கூப்பனாகவே கொடுங்கள். 100 என்றால் 100-தான் போகும், பில் எவ்வளவு பெரிதானாலும்.

சரி, அந்த 100 ரூபாய்க் கூப்பனை எங்கே கொடுப்பது? ஒரு சேலைக்குக் கொடுத்தால் கட்டாது என்று பார்த்தோம். இரண்டு சேலை ஒரே பார்சலில் போனால் கணக்கு மாறுகிறது, ஏனென்றால் கூரியர் இரண்டு மடங்கு ஆவதில்லை. இரண்டு சேலை ஆடி விலையில் 1,680, கூப்பன் 100 போனால் 1,580. வரி நீக்கி சுமார் 1,505. அடக்கம் 1,240, கூரியர் 90, கவர் 20, பேமென்ட் கட்டணம் 32 போக 123 ரூபாய் நிற்கிறது, சேலைக்கு 61. நீங்கள் வைத்த 40-க்கு மேலேயே இருக்கிறது. ஆகவே நண்பர் கூப்பனுக்கு `Minimum spend` 1,500 என்று போடுங்கள். ஆடி விலையில் ஒரே ஒரு சேலை வாங்குபவர் 840-ல் நின்றுவிடுவார், அவருக்குக் கூப்பன் விழாது. கூப்பன் வேண்டுமென்றால் இரண்டாவது சேலையைப் பார்ப்பார். இந்தக் கூப்பனில் `Exclude sale items` டிக் வேண்டாம், `Individual use only` மட்டும் போதும்.

டெலிவரி இலவசம் என்பதும் ஒரு தள்ளுபடிதான், யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை வையுங்கள். வூகாமர்ஸின் `Free shipping` அமைப்பில் `Apply minimum order rule before coupon discount` என்று ஒரு டிக் உண்டு. அதைப் போடாமல் விட்டால் கூப்பன் கழித்த பிறகு உள்ள தொகையைத்தான் வூகாமர்ஸ் பார்க்கும், உங்களுக்கு அதுதான் நல்லது, அப்படியே விடுங்கள்.

கடைக் கவுன்ட்டரிலும் இதே ஓட்டை இருக்கிறது. வேலூர், திருப்பத்தூர் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு மொத்தமாக எடுக்க வருபவர்கள் ஆடி விலையைப் பார்த்த பிறகும் "கடைசி விலை சொல்லுங்கண்ணா" என்று கேட்பார்கள், அது நம் ஊர் வியாபாரத்தின் இயல்பு, விற்பனையில் நிற்கும் பையனும் ஐம்பது நூறு குறைத்துவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு எல்லை எது என்று நாம் சொல்லவில்லை. கடைக்குக் கூரியர் செலவு கிடையாது என்பதால் இங்கே கட்டுபடி விலை வேறு, அதைத் தனியாகப் போட்டு, உங்களுக்கும் ஊழியருக்கும் மட்டும் புரிகிற குறியீட்டில் லேபிளில் அடித்துவிடுங்கள். பேரம் எவ்வளவு போனாலும் அங்கே நிற்கும். குறைக்கிற தொகை பில்லிலேயே தெரிய வேண்டும். பில்லில் காட்டிய தள்ளுபடிக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. முழு விலைக்குப் பில் போட்டுவிட்டு அப்புறம் கையில் நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் அந்த நூறுக்கும் வரியைச் சேர்த்துக் கட்டுகிறீர்கள்.

திருப்பி அனுப்புவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 1,500 வரம்பு வைத்ததும் இது வரும். இரண்டு சேலை வாங்கி 1,580 கட்டியவர் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார். நீங்கள் 840-ஐத் திருப்பிக் கொடுத்தால் அவர் கையில் இருக்கும் சேலை 740-க்குப் போனதாக ஆகிறது, கட்டுபடி விலை 801. வூகாமர்ஸ் 100 ரூபாயை இரண்டு சேலைக்கும் பிரித்துப் போடும் என்பதால் அது காட்டும் ரீஃபண்ட் 790. "திருப்பிய பிறகு பில் 1,500-க்குக் கீழே வந்தால் கூப்பன் தொகை கழிக்கப்படும்" என்று முன்பே எழுதியிருந்தால் 740 கொடுத்தால் போதும். முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பது முக்கியம், வாங்கிய பிறகு சொன்னால் நியாயமும் இல்லை, சண்டையும் வரும். அந்த நிபந்தனையைத் தமிழ்ச் சலுகைக்குக் கீழே தமிழிலேயே போடுங்கள், படிக்கிற அளவு எழுத்தில். ஓசூர் பக்கம் உகாதிக்குக் கன்னடத்திலோ தெலுங்கிலோ சலுகை போட்டால் நிபந்தனையும் அந்த மொழியில் இருக்க வேண்டும். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதலும் சலுகை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் நிபந்தனை இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

வங்கி கார்டு சலுகை, யுபிஐ கேஷ்பேக் இவற்றில் யார் பணம் போகிறது என்று மட்டும் கேளுங்கள். வங்கியே முழுதாக ஏற்றால் உங்கள் 249-ல் அது சேராது, பாதி உங்கள் தலையில் என்றால் அந்தப் பாதி சேரும்.

தீபாவளிச் சலுகையைத் திறப்பதற்கு முந்தின நாள், உங்கள் ஷீட்டில் H மிகக் குறைவாக உள்ள சேலையை எடுத்து, புதிய மின்னஞ்சலில் ஒரு வாடிக்கையாளராக உள்ளே போய், கைக்குக் கிடைக்கிற எல்லாக் கூப்பனையும் போட்டுப் பாருங்கள். ஒரு சேலைக்கு ஒரு தடவை, இரண்டு சேலைக்கு ஒரு தடவை, ஒரு தள்ளுபடிச் சேலையும் ஒரு புது வரவும் கலந்து ஒரு தடவை. இரண்டு சேலைக்குக் கட்டுபடி விலையை ஒரே பார்சலுக்கான கூரியர், கவர் செலவை வைத்துப் போடுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் காட்டும் தொகை கட்டுபடி விலைக்குக் கீழே எங்காவது இறங்கினால் எந்த டிக் விட்டுப்போயிருக்கிறது என்று அன்றைக்கே பிடித்துவிடலாம்.