65 வாட் என்று போட்டிருந்ததே? சார்ஜர், கேபிள் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 25 வாட் வேகத்தில் ஏறும் சாம்சங் போன். பெரிதாகவே இருக்கட்டும் என்று 65 வாட் சார்ஜர் வாங்கினேன். ஆனால் திரையில் ‘சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்’ வரவில்லை, வெறும் ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்றுதான் வருகிறது. சார்ஜர் போலியா? (சேலம் வாசகர்)

போலியாக இருக்க வேண்டியதில்லை. சாம்சங் போன்கள் 25 வாட்டை எட்ட சார்ஜரில் பிபிஎஸ் வசதி இருக்க வேண்டும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கும்படி போன் கேட்கும், சார்ஜர் அதற்கேற்பக் கொடுக்கும். உங்கள் சார்ஜருக்கு யுஎஸ்பி பிடி என்ற பொது முறையின் 5, 9, 15, 20 வோல்ட் என்ற நிலையான படிகள் மட்டும் தெரிந்திருந்தால் போன் 15 வாட் அளவில் நின்றுவிடும். சார்ஜர் 65 வாட்டாக இருந்தாலும் 100 வாட்டாக இருந்தாலும் இதுதான் கதி. சார்ஜரின் உடம்பில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அவுட்புட் வரியைப் பாருங்கள். அதில் PPS என்றோ, 3.3-11V என்பது போல ஒரு வீச்சோ இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 67 வாட் சார்ஜரில் 18 வாட் போனைப் போட்டால் பேட்டரி கெடுமா?

கெடாது. எவ்வளவு எடுப்பது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது.

கேள்வி: என் போனுக்கு எந்த கேபிள் நல்லது?

எந்த போன்? எந்த சார்ஜர்? இந்த இரண்டும் இல்லாமல் வரும் கடிதங்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. மாடல் பெயரையும் சார்ஜரின் அவுட்புட் வரியையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். வரி புரியவில்லையா, அப்படியே பார்த்து எழுதினால் போதும்.

கேள்வி: ஐபோன் 14-க்காக ‘டைப்-சி கேபிள், 60 வாட்’ என்று பார்த்து வாங்கினேன். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கிறது, போனில் நுழையவே இல்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (நாகர்கோவில்)

ஐபோனில் டைப்-சி துளை வந்தது 2023-இல், 15 வரிசையில்தான். உங்களுடையதில் இருப்பது லைட்னிங். உங்களுக்கு வேண்டியது ஒரு முனை சி, மறுமுனை லைட்னிங். போனில் இருக்கும் துளையை ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் ‘டைப்-சி கேபிள்’ என்று மட்டும் எழுதி விற்றவர் மீதும் தவறு உண்டு. கேபிளுக்கு இரண்டு முனைகள், இரண்டையும் சொல்ல வேண்டும்: சி-யிலிருந்து சி, ஏ-யிலிருந்து சி, சி-யிலிருந்து லைட்னிங். அப்புறம், வீட்டில் கிடக்கும் பழைய ஏ-லைட்னிங் கேபிளை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், அதில் 12 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: மொபைல் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைனிலும் விற்கிறேன். ‘65W ஃபாஸ்ட் சார்ஜர், கேபிளுடன், எல்லா மொபைலுக்கும் லேப்டாப்புக்கும்’ என்று ஒரு பொருள் போட்டேன். நன்றாக விற்கிறது, ஆனால் ரிட்டர்ன் தாங்கவில்லை. சார்ஜரைச் சோதித்துப் பார்த்தால் நன்றாகத்தான் வேலை செய்கிறது. விவரத்தில் என்ன எழுதினால் ரிட்டர்ன் குறையும்? (திண்டுக்கல்)

இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்றுதான் இத்தனை நாளாகக் காத்திருந்தேன். எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல், பொருள் நன்றாக இருந்து விவரம் மோசமாக இருப்பதால் வருபவை. நீங்கள் சார்ஜரின் படத்தையும் அனுப்பியிருப்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். அதில் அச்சிட்டிருப்பது இது:

```
C: 5V/9V/15V⎓3A, 20V⎓3.25A
A: 5V⎓3A, 9V⎓2A, 12V⎓1.5A
C+A: 45W + 18W
```

இருபதை மூன்றேகாலால் பெருக்கினால் 65. அந்த 65 வாட், சி போர்ட்டில் ஒரே ஒரு கருவி தனியாக இருக்கும்போது மட்டும் கிடைப்பது. ஏ போர்ட்டில் எவ்வளவு முக்கினாலும் 18 வாட்தான். இரண்டிலும் செருகினால் சி-யின் பங்கு 45-ஆக இறங்கிவிடும்.

இப்போது இதை நான்கு பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆளிடம் 65 வாட் கேட்கும் லேப்டாப். நீங்கள் பெட்டியில் வைத்த கேபிளையே செருகுகிறார். அந்த கேபிள் 3 ஆம்பியர் ரகம், அதனால் சார்ஜர் 20 வோல்ட்டில் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்கிறது. அவருக்குக் கிடைப்பது 60 வாட். 3 ஆம்பியரைத் தாண்ட வேண்டுமென்றால் கேபிளின் முனைக்குள் இ-மார்க்கர் என்ற சின்ன சிப் இருக்க வேண்டும். ‘நான் 5 ஆம்பியர் தாங்குவேன்’ என்று அந்த சிப் சொன்னால்தான் சார்ஜர் கூடுதலாகத் தரும். 65 வாட் சார்ஜரோடு 60 வாட் கேபிளைச் சேர்த்து, பெட்டி மேல் 65 என்று அச்சடித்தவரை என்னவென்று சொல்வது! விலை மிச்சமாவது கேபிளில்தான், ஏமாற்றம் மொத்தமும் வாங்கியவருக்கு.

இரண்டாவது ஆளும் லேப்டாப்காரர்தான், ஆனால் பக்கத்து போர்ட்டில் போனையும் செருகுகிறார். செருகியதும் லேப்டாப் ஓரிரு நொடி சார்ஜ் நின்று மறுபடி தொடங்கும். சார்ஜர் பங்கு பிரிக்கும் நேரம் அது. அதன் பிறகு லேப்டாப்புக்கு 45 வாட்தான். திரையில் ‘சார்ஜர் மெதுவானது’ என்று எச்சரிக்கை வருகிறது, அவர் ரிட்டர்ன் பொத்தானை அழுத்துகிறார்.

மூன்றாவது ஆளிடம் சாம்சங். உங்கள் சார்ஜரில் பிபிஎஸ் இல்லை, சேலம் வாசகரின் கதைதான். நான்காவது ஆளிடம் ஒன்பிளஸ் அல்லது ஒப்போ, போன் பெட்டியில் 80 வாட் என்று இருக்கிறது. அந்த 80 வாட் அந்தக் கம்பெனியின் சொந்த முறை, சூப்பர்வூக். சார்ஜர், கேபிள் இரண்டும் அந்த முறையைப் பேசினால்தான் முழு வேகம். உங்கள் சார்ஜரில் போன் ஏறும், மெதுவாக ஏறும். ‘எல்லா மொபைலுக்கும்’ என்பதைப் படித்துவிட்டு வாங்கியவர் அதை ஏற்றுக்கொள்வாரா?

நான்கு பேர் வீட்டிலும் சார்ஜர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. விவரத்தை இப்படி மாற்றுங்கள்:

“சார்ஜர்: ஒரு சி போர்ட், ஒரு ஏ போர்ட். சி-யில் தனியாக 65 வாட் வரை, ஏ-யில் தனியாக 18 வாட் வரை. இரண்டும் சேர்ந்தால் சி 45, ஏ 18. யுஎஸ்பி பிடி உண்டு, பிபிஎஸ் கிடையாது. கேபிள்: இரு முனையும் சி, 1 மீட்டர், 3 ஆம்பியர், 60 வாட் வரை. சாம்சங் போன்களில் சூப்பர் ஃபாஸ்ட் வராது, சாதாரண ஃபாஸ்ட் வரும். சூப்பர்வூக் போன்ற கம்பெனி முறைகளில் முழு வேகம் வராது.”

இதோடு சார்ஜரின் அவுட்புட் வரி தெளிவாகத் தெரியும் ஒரு படம், அப்புறம் பிஐஎஸ் பதிவு எண். R என்ற எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு யாரும் சரிபார்க்கலாம்.

‘வராது’ என்று எழுதினால் விற்பனை குறையாதா என்று கேட்பீர்கள். சாம்சங்காரர்கள் கொஞ்சம் பேர் வாங்காமல் போவார்கள். அவர்கள் எப்படியும் திருப்பி அனுப்பப் போகிறவர்கள்தான், போகவர கூரியர் செலவு உங்களுக்கு மிச்சம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28-இலிருந்து புதிய போன்களின் பெட்டியிலேயே, அந்த போனுக்குக் குறைந்தது எத்தனை வாட் சார்ஜர் வேண்டும், முழு வேகத்துக்கு எத்தனை வாட் வேண்டும், பிடி முறை உண்டா என்பதை லேபிளில் காட்டியாக வேண்டும். நாம் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், சார்ஜரின் மேலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்து எழுதினாலே போதும்.

கேள்வி: 240 வாட் கேபிள் வாங்கினால் என் 25 வாட் போன் வேகமாக ஏறுமா? மானிட்டருக்கும் அதையே போடலாமா?

ஏறாது. 240 என்பது கேபிள் தாங்கும் எல்லை. மானிட்டர் விஷயம் வேறு. வாட் அதிகமாக இருந்தும் டேட்டா வேகம் யுஎஸ்பி 2.0 அளவில், அதாவது நொடிக்கு 480 மெகாபிட்டில் நிற்கும் கேபிள்கள் நிறைய. அவற்றில் திரையில் படம் வராது. விவரத்தில் டேட்டா வேகமும் வீடியோவும் தனியாகக் குறிப்பிடாத கேபிளை மானிட்டருக்கு வாங்காதீர்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய டிரிம்மரில் டைப்-சி துளைதான். போனின் சி-சி கேபிளைப் போட்டால் விளக்குகூட எரியவில்லை. பழைய ஏ-சி கேபிளில் ஏறுகிறது. கேபிள் போய்விட்டதா? (தஞ்சாவூர்)

கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது, டிரிம்மரில்தான் குறை. சி-சி கேபிளில், எதிர்முனையில் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சார்ஜர் மின்சாரத்தையே திறந்துவிடும். அதைத் தெரிவிக்க டிரிம்மருக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். சில பைசா மிச்சம் பிடிக்க அவற்றை விட்டுவிடுகிறார்கள். ஏ போர்ட் எதையும் கேட்காமல் 5 வோல்ட் தருவதால் அதில் ஏறுகிறது. விலை மலிவான இயர்பட்ஸ், டார்ச், கையடக்க மின்விசிறி பலவற்றிலும் இந்தக் கோளாறு உண்டு. ஏ-சி கேபிளையே பயன்படுத்துங்கள், பொருள் கெடாது. விற்பவர்களுக்கு: உங்களிடம் இருக்கும் கருவி இந்த ரகமென்றால், ‘ஏ-சி கேபிளில் மட்டும் சார்ஜ் ஆகும்’ என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஷாவ்மி 67 வாட் சார்ஜரின் கேபிள் அறுந்துவிட்டது. கடையில் வாங்கிய ‘65 வாட்’ ஏ-சி கேபிளில் போன் ஆமை வேகத்தில் ஏறுகிறது.

ஏ முனை உள்ள சார்ஜர்களில் இவ்வளவு வாட் போவது கம்பெனியின் சொந்த முறையில்தான், கேபிளும் அதற்கென்றே செய்தது. பழைய கேபிளின் ஏ முனைக்குள் எட்டிப் பாருங்கள், வழக்கமான நான்கு பின்களோடு கூடுதலாக ஒன்று இருக்கும். புதியதில் அது இருக்காது. 65 என்று எந்த முறைக்கு எழுதினார்கள் என்பதைச் சொல்லாத கேபிளை வாங்க வேண்டாம். அதே கம்பெனியின் 6 ஆம்பியர் கேபிளைத் தேடுங்கள்.

கேள்வி: 45 வாட் போன், பிபிஎஸ் சார்ஜர், 5 ஆம்பியர் கேபிள் மூன்றும் சரியாகவே வாங்கியிருக்கிறேன். ஆனாலும் 80 சதவீதத்துக்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது. (மதுரை)

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் வாட், பேட்டரி காலியாக இருக்கும்போது சிறிது நேரம் எட்டும் உச்சம். பாதி நிரம்பியதிலிருந்தே போன் குறைத்துக்கொண்டு வரும், சூடானால் இன்னும் குறைக்கும். தலையணை மேல் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.